பாட்டுக்கென்று விட்ட இடம்

எனக்கு வாய் நீளம். கல்முனையில் பெண்பிள்ளைகளுக்கு ஆங்கிலம் படிப்பித்த காலத்தில் அதிபரே என்னோடு கதைக்க ஒருக்கா யோசிப்பார். அப்படிப்பட்ட என்னைத்தான் ஒருவன் பக்கத்தில் இருந்து, தேத்தண்ணி தந்து, டீச்சர் டீச்சர் என்று கூப்பிட்டு, சத்தமில்லாமல் கழுத்தறுத்தான். இத்தனை வருசம் போயும் அந்த எரிச்சல் ஆறவில்லை. ஆறவேண்டும் என்ற ஆசையும் எனக்கில்லை.

எண்பதுகளின் நடுப்பகுதி. பாண்டிருப்பில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வளவு தள்ளி ஒரு ஐயா இருந்தார். தபாற்கந்தோரில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். கோயில்களில் பிரசங்கம் செய்வார். சுலோகம் சொன்னாலும் தமிழ்ப் பதிகம் படித்தாலும் குரல் கணீரென்று இருக்கும். ஒருமுறை எங்கள் கோயிலில் சரணாகதி பற்றிப் பேசினார். அதை வீடியோவில் பிடித்தார்கள். லண்டனில் இருந்த ஒரு சைவ சபை அந்தக் கசெட்டை அனுப்பச் சொல்லிக் கேட்டது. அங்கே வளர்கிற பிள்ளைகளுக்குத் தமிழ் வராது, வட இந்திய ஆட்களும் வந்து பார்ப்பார்கள், ஆகவே கீழே ஆங்கில எழுத்தோடு வேண்டும் என்றது. கோயில் தலைவர் என்னிடம் வந்தார்.

நான் மாட்டேன் என்றுதான் சொல்லியிருப்பேன். பள்ளிக்கூட வேலையே தலைக்கு மேல். ஆனால் அன்றைக்குப் பின்னேரம் ஐயா தானே படலையைத் திறந்துகொண்டு வந்தார்.

"மகள், லண்டன்காரர் பார்க்கிறாங்களோ பார்க்கல்லையோ, அது வேற கதை. எனக்கு என்ட பேத்தி பார்க்கோணும். அவளுக்குத் தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. அந்தப் பேச்சில நான் ஒரு விசயம் சொல்லியிருக்கன். அத அவள் விளங்கோணும்."

அந்த விசயம் ஊருக்குத் தெரிந்ததுதான். பல வருசங்களுக்கு முன் ஒரு தேர்தல் காலத்தில் தமிழ் ஊருக்கும் முஸ்லிம் ஊருக்கும் சண்டை மூண்டது. இரண்டு பக்கமும் அடி விழுந்தது. ஐயாவும் அவருடைய மகளும் சம்மாந்துறையில் ஒரு அலுவலை முடித்துக்கொண்டு வந்த பஸ், முஸ்லிம் ஊரான கல்முனைக்குடியில் நின்றுவிட்டது. தடியும் கத்தியுமாய் ஆட்கள். மகளுக்கு அப்போது பள்ளிக்கூடம் போகிற வயது. ஒழுங்கைச் சந்துக்குள் ஓடியவர்களை ஒரு முஸ்லிம் வீட்டு உம்மா கதவைத் திறந்து உள்ளே இழுத்தா. ஐயாவை நெல் மூட்டைகளுக்குப் பின்னால் இருத்தினா. மகளுக்குத் தன் பிள்ளையின் உடுப்பைப் போட்டு, தலையில் முக்காடு போட்டு, தன் பிள்ளைகளுக்கு நடுவில் சோறு தின்ன இருத்தினா. ஆட்கள் வாசலில் வந்து கேட்டபோது, "எல்லாம் நான் பெத்த பிள்ளையள். சோறு தின்னுதுகள். சந்தேகமெண்டா வந்து எண்ணிப் பாருங்க" என்று கதவை அகலத் திறந்துவிட்டாவாம். விடிந்ததும் அவவின் புருசன் இருவரையும் மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து பாண்டிருப்பு எல்லையில் விட்டார்.

அந்த மகள்தான் பிறகு கலியாணம் முடித்து லண்டன் போனது. அந்த நாளைப் பற்றி அவள் வாயே திறக்கமாட்டாள். தன் பிள்ளைகளுக்கும் சொன்னதில்லை. ஐயாவுக்கு அது பெரிய கவலை. "அவள் சொல்லமாட்டாள். நான் சொன்னா பேத்திக்கு விளங்காது. அந்த உம்மா இல்லையெண்டா பேத்தியே இல்ல. இத அவள் அறியாமப் போனா நான் நன்றி கெட்டவன் மகள்."

சரி என்றேன். வேறென்ன சொல்வது?

வேலைக்கு ஆள் கல்முனைக்குடியில் இருந்தார். குவைத்தில் இருந்து வந்து வீடியோக் கடை போட்டவர். கலியாணவீடு, கோயில், கந்தூரி எல்லாம் அவர்தான் பிடிப்பார். எழுத்துப் போடுகிற மெஷின் ஒன்றும் கொண்டுவந்திருந்தார். அந்தக் கரையோரத்தில் வேறு யாரிடமும் அது இருக்கவில்லை. அவரை நான் ஏன் இவ்வளவு நம்பினேன் என்றால், அவர் அந்த உம்மாவின் மகன். அன்றைக்குச் சோற்றுக் கோப்பையோடு இருந்த பிள்ளைகளில் ஒருவர். தன் தாயின் கதையை ஆங்கிலத்தில் போடுகிற வேலையைத் தாய் பெற்ற மகனைவிட யார் ஒழுங்காகச் செய்வார்?

வீட்டு முன் அறைதான் அவருடைய வேலை அறை. ஒரு டெக்கில் கசெட் ஓடும். படம் எழுத்து மெஷினுக்குள்ளால் போய் மற்ற டெக்கில் பதியும். நான் எழுதிக்கொடுத்த வசனங்களை அவர் முதலில் மெஷினில் அடித்து வைப்பார். ஓடும்போது நான் மேசையில் விரலால் தட்டுவேன், அவர் பொத்தானை அமத்துவார், எழுத்து வரும். மறுபடி தட்டினால் போகும். எல்லாம் பெரிய எழுத்து. ஒரு தடவைக்கு இரண்டு வரி, வரிக்கு நாலைந்து சொல்தான் கொள்ளும். மெஷினின் தலையும் சின்னது, கொஞ்ச வசனத்துக்கு மேல் நினைவில் வைக்காது. அது முடிந்ததும் இரண்டு டெக்கையும் நிற்பாட்டி அடுத்ததை அடிக்கவேண்டும். நிற்பாட்டிய இடத்தில் படம் ஒரு துள்ளுத் துள்ளும். ஆகவே ஐயா தண்ணீர் குடிக்கிற இடம், தோளில் சால்வையைச் சரிப்படுத்துகிற இடம் என்று பார்த்துப் பார்த்து நிற்பாட்டினோம். இடையில் பிழைத்தால் அந்தத் துண்டு முழுவதும் திரும்ப.

வசனம் எழுதுவதுதான் என் தலையைத் தின்றது. சரணாகதிக்கு அகராதியில் இருந்த 'சரண்டர்' என்ற ஆங்கிலச் சொல்லைப் போட எனக்கு மனம் வரவில்லை. அந்தக் காலத்தில் அந்தச் சொல்லைக் கேட்டாலே துவக்குக்கு முன்னால் கையைத் தூக்கி நிற்கிற ஆள்தான் கண்ணுக்குள் வருவான். அதனால் சரணாகதி என்ற சொல்லையே ஆங்கில எழுத்தில் போட்டேன். முதல் முறை வரும்போது மட்டும், அடைக்கலம் புகுதல் என்கிற பொருளைப் பக்கத்தில் வைத்தேன். பிறகு சொல் தனியே போகும். தர்மம், ஆத்மா, மாயை எல்லாவற்றுக்கும் அதே முறைதான். ஒருக்கா சொல்லிக் கொடுத்தால் போதும், பார்க்கிறவன் மடையன் அல்ல. சுலோகத்தின் பொருளை மேற்கோள் குறிக்குள் வைத்தேன். சுலோகம் சொல்வது எது, ஐயா சொல்வது எது என்று பார்க்கிறவருக்குப் பிரிந்து தெரியவேண்டும். பொருளையும் புத்தகத்தில் இருந்து எடுக்கவில்லை. ஐயா அன்று மேடையில் என்ன பொருள் சொன்னாரோ அதுதான். கடவுளின் பெயரை இரண்டு வரிக்கு உடைக்கக்கூடாது என்றேன். ஐயாவுக்குப் பின்னால் முருகன் படம் இருந்தது. தூரத்துக் காட்சிகளில் எழுத்து சரியாக அதன் பாதத்தில் போய் விழுந்தது. அந்த இடங்களில் வசனத்தைச் சுருக்கி இடப்பக்கம் தள்ளச் சொன்னேன். வீடியோக்காரர் முகம் சுளிக்காமல் செய்தார். "எங்களுக்கும் எழுத்துக்கு மரியாதை இருக்குத்தானே டீச்சர்" என்றார். நல்ல மனுசன் என்று நினைத்தேன். பாருங்கோ என் புத்தியை.

பாட்டுப் படிக்கிற இடத்தில் என்ன செய்வது என்பது பெரிய கேள்வியாய் இருந்தது. ஐயாவிடமே கேட்டேன்.

"பாட்டுப் படிக்கக்குள்ள கீழ எழுத்து ஓடினா சனம் எழுத்தைத்தான் பார்க்கும் மகள், பாட்டைக் கேக்காது. பொருள நான் பிறகு சொல்லுவன்தானே. அப்ப போடு."

அதையே சட்டமாக்கினேன். சுலோகமோ பதிகமோ படிக்கும்போது திரை வெறுமையாக இருக்கும். கசெட்டின் தொடக்கத்திலேயே ஒரு அறிவித்தல் போட்டோம்: எழுத்து இல்லாத இடங்களில் புனிதப் பாடல் ஓதப்படுகிறது, தயவுசெய்து அமைதியாகக் கேளுங்கள், பொருள் தொடர்ந்து வரும். எனக்கு அதில் பெருமைகூட இருந்தது. இவ்வளவு பக்குவமாய் லண்டனில்கூட ஒருவரும் செய்திருக்கமாட்டார்கள் என்று என் அக்காவிடம் பீற்றிக்கொண்டேன்.

உம்மாவின் பகுதிக்கு வந்தபோது, உள்ளே இருந்து உம்மாவே வந்து கதவோடு நின்றா. வயது போய்விட்டது, கண்ணும் மங்கல். ஐயா திரையில் அழுதுகொண்டு கதை சொல்கிறார். "சரணாகதியை நான் சுலோகத்தில படிக்கல்ல, ஒரு சோனக உம்மாட வீட்டில படிச்சன்" என்கிறார். அந்தக் கதைக்கு முன்னால் ஒரு சுலோகம், பின்னால் ஒரு பதிகம்.

"என்ட கதையையும் இங்கிலீசில போடுறீங்களா புள்ள?" என்று உம்மா கேட்டா.

"ஓம் உம்மா. இந்தா, இதுதான்." நான் எழுதியிருந்ததை வாசித்துக் காட்டினேன். அவவுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தா. "இன்னொருக்கா சொல்லுங்க" என்றா. இன்னொருக்கா சொன்னேன்.

"அண்டைக்கு என்ட வீட்டில சோறு திண்ட அந்தக் கிளிட மகள் இதப் பார்ப்பாளா?"

"அவளுக்காகத்தான் உம்மா இவ்வளவும்."

"அப்ப சரி. நான் ஹயாத்தோட, உசிரோட இருந்தா, அவள் வரக்குள்ள ஒருக்கா இஞ்ச கூட்டி வாங்க. நான் ஒண்டும் கேக்கமாட்டன். முகத்தப் பார்த்தாப் போதும்."

இடையில் கோயில் தலைவர் ஒருநாள் வேலை பார்க்க வந்தார். அந்தத் துண்டைப் பார்த்ததும் அவருக்கு முகம் கறுத்துவிட்டது. அப்போது திரும்பவும் இரண்டு ஊரும் முறைத்துக்கொண்டு நின்ற நேரம். வெளியே வந்ததும், "டீச்சர், கோயில் கசெட்டுல சோனகர் புராணம் எதுக்கு? காசு தாற ஆக்கள் பார்க்கிற சாமான். அத வெட்டுங்க" என்றார்.

"வெட்டினா ஐயா அழுது முடிஞ்ச முகத்தோட திடீரெண்டு பதிகம் படிப்பார். சரியா? அதோட அது அவர்ட பேச்சு. உங்கட பேச்சில்ல, என்ட பேச்சுமில்ல. நீங்க வெட்டுறதெண்டா நான் எழுதின முழுவதையும் கிழிச்சுப்போட்டுப் போறன்."

"கோவப்படாதீங்க. சும்மா கேட்டன்" என்று சிரித்துவிட்டுப் போனார். அவர் சிரித்தபோதே எனக்கு விளங்கியிருக்கவேண்டும்.

வேலை முடிந்து முழுக் கசெட்டையும் அதே அறையில் இருந்து தொடக்கம் முதல் முடிவு வரை பார்த்தேன். உம்மாவின் கதை ஒரு வரி தப்பாமல் இருந்தது. திருப்தியோடு வீட்டுக்கு வந்தேன். கசெட் லண்டனுக்குப் போனது. ஐயாவுக்கும் ஒன்று கொடுத்தார்கள். அவர் வீட்டில் டெக் இல்லை. அதை மஞ்சள் துணியில் சுற்றிச் சாமி அறையில் வைத்துவிட்டார்.

பிறகு உம்மா என்னை எங்கே கண்டாலும் கேட்பா. சந்தையில் கண்டாலும் கேட்பா, பஸ்ஸுக்கு நிற்கும்போது ஒழுங்கை முகப்பில் கண்டாலும் கேட்பா. "அந்தப் புள்ள பார்த்திட்டாளாமா? ஏதும் சொன்னாளாமா?"

"பார்த்திருப்பாள் உம்மா. சின்னப் பிள்ளைதானே, கடிதம் எழுதத் தெரியாது."

"ஓம், ஓம். சின்னப் புள்ள."

கொஞ்சக் காலம் போக அவ கேட்பதை விட்டுவிட்டா. என்னைக் கண்டால் சுகம் விசாரிப்பா, அவ்வளவுதான். அந்தக் குடும்பத்தின் மேல் எனக்கே ஆத்திரம் வந்தது. உயிரைக் காப்பாற்றிய மனுசிக்கு ஒரு வார்த்தை சொல்லக்கூட அந்த லண்டன் பிள்ளைக்கு மனம் வரவில்லையே, வளர்ப்பு அப்படி என்று என் வாயாலேயே திட்டினேன். உம்மாவும் அப்படித்தான் நினைத்திருப்பா. சொல்லத்தான் இல்லை. நோன்பு வருவதற்கு முந்திய மாதத்தில் கண்ணை மூடி மௌத்தாகிப் போனா.

அந்த வருசமே, சண்டை கொஞ்சம் ஓய்ந்திருந்த ஒரு விடுமுறையில், பேத்தி வந்தாள். தாய் வரவில்லை, தகப்பனோடு வந்திருந்தாள். நல்ல துடியாட்டமான பிள்ளை. ஆங்கிலம் கதைக்கிற ஆள் நான் ஒருத்திதான் என்று காலையில் வந்தால் பகல் சாப்பாடு வரைக்கும் என் வீட்டில்தான். நான் மனதுக்குள் கோபத்தை வைத்துக்கொண்டுதான் பழகினேன். ஒருநாள் மாம்பழம் தின்றுகொண்டிருந்தவள் தானாகவே ஆங்கிலத்தில் கேட்டாள்.

"அன்டி, தாத்தாவின் கசெட்டில் ஒரு நீளமான மந்திரம் வருமே, அவர் அழுதுகொண்டு சொல்வாரே, அது என்ன மந்திரம்?"

எனக்கு விளங்கவில்லை. மந்திரம் படிக்கும்போது ஐயா அழுததில்லையே.

"அதுதான் எல்லாவற்றிலும் நீளம்" என்றாள். "எழுத்தே வராது. எங்கள் மண்டபத்தில் தமிழ் தெரியாத நாங்கள் எல்லாரும் அந்த இடத்தில் கை கூப்பிக்கொண்டு இருப்பார்கள். அம்மா மட்டும் எழும்பி வெளியே போய்விடுவா. பொருள் வரும் என்று போட்டிருந்தது, ஆனால் அதற்கு மட்டும் பொருள் வரவே இல்லை."

அப்படியே எழும்பிச் செருப்பைப் போட்டேன்.

ஐயா வீட்டுக்குப் போய் மஞ்சள் துணியை அவிழ்த்துக் கசெட்டை எடுத்துவந்தேன். ஐயாவும் பின்னாலேயே வந்தார். என் வீட்டு டெக்கில் போட்டேன். முதலில் அறிவித்தல் வந்தது. பிறகு எழுத்தெல்லாம் என் எழுத்து, இடப்பக்கம் தள்ளியது உட்பட. சுலோகம் வந்தது, திரை வெறுமை. சுலோகம் முடிந்தது. ஐயா, "சரணாகதியை நான்..." என்று தொடங்கினார். எழுத்து வரவில்லை. பஸ் நின்றது, ஒழுங்கைக்குள் ஓடினது, நெல் மூட்டை, முக்காடு, சோறு, உம்மா கதவைத் திறந்துவிட்டது, எதற்கும் ஒரு எழுத்து இல்லை. அடுத்த பதிகம் தொடங்கி முடிந்ததும், பொருள் சொல்கிற இடத்தில் எழுத்து மறுபடி ஒழுங்காக வந்தது.

படத்தை வெட்டவில்லை. பேச்சை வெட்டவில்லை. ஐயா கேட்டால் அவருடைய குரல் இருக்கும், குறை சொல்ல முடியாது. தமிழ் தெரியாதவள் பார்த்தால் தாத்தா மந்திரம் சொல்கிறார் என்று கை கூப்புவாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றுக்குள் மறைப்பார்கள் என்பார்கள். இவர்கள் மறைக்க எடுத்த சோறு நான் வடித்துக் கொடுத்தது.

"என்ன மகள், பேத்திக்கு விளங்கிச்சாமா?" என்று ஐயா கேட்டார்.

எனக்குப் பூசி மெழுகத் தெரியாது. நடந்ததைச் சொன்னேன். அவர் திரையின் அடிப்பகுதியைப் பார்த்தார். "அப்ப இவ்வளவு காலமும் அவளுக்குத் தெரியாதா?" என்றார். அதைத்தான் திருப்பித் திருப்பிக் கேட்டார்.

கசெட்டைப் பின்னுக்கு ஓட்டி, பிள்ளையைப் பக்கத்தில் இருத்தி, ஐயா சொல்லச் சொல்ல நானே வாயால் ஆங்கிலத்தில் சொன்னேன். மாம்பழக் கையைத் துடைக்காமலே கேட்டுக்கொண்டிருந்தாள். முடிந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, "அந்த அம்மா எங்கே இருக்கிறா? இப்போதே போகலாமா?" என்பதுதான். இந்தப் பிள்ளையைத்தான் நான் வளர்ப்புச் சரியில்லை என்று திட்டியிருந்தேன்.

மௌத்தாகிவிட்டா என்று சொன்னேன். வேறு எப்படிச் சொல்வது?

தலைவரிடம் போய் வாசலிலேயே நின்று கேட்டேன். அவர் கதிரையை விட்டு எழும்பவே இல்லை. "நான் சொன்னன் டீச்சர், ஒளிக்கல்ல. ஆனா பொத்தான அமத்துறது நானா? அந்தப் பொடியனுக்கு விருப்பமில்லையெண்டா செய்திருக்கமாட்டான்தானே?" என்றார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடான் என்று சும்மாவா சொன்னார்கள்? அவரிடம் நான் எதிர்பார்த்தது இவ்வளவுதான். அவர் எனக்குத் துரோகியே இல்லை, எதிரி. என் முகத்துக்கு நேரே வெறுப்பைக் காட்டினவர்.

நேரே கடைக்குப் போனேன். வீடியோக்காரர் யாருக்கோ படக் கசெட் கொடுத்துக்கொண்டிருந்தார். இதுவரைக்கும் அவர் என்று எழுதிவிட்டேன், இனி என்னால் முடியாது. என்னைக் கண்டதும் அவனுக்கு விளங்கிவிட்டது. ஆளை அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினான்.

"நான் பார்த்த கசெட் எங்க தம்பி?"

"அதுக்கு மேலால வேற படம் அடிச்சிட்டன்."

"மற்றத எப்ப செய்தாய்?"

"நீங்க போனாப் பிறகு. உங்கட தாள் இருந்ததுதானே. நானே தட்டிப் பார்த்துச் செய்தன். அந்த இடத்தில மட்டும் கைய எடுத்திட்டன்."

"ஏன்?"

"தலைவர் கேட்டார். திருவிழாப் படமெல்லாம் இனி எனக்குத்தான் எண்டார். இல்லாட்டி மட்டக்களப்பில இருந்து ஆள் எடுப்பாராம். ஊர் இருக்கிற இருப்பில ஒரு சோனகன் உங்கட கோயிலுக்குள்ள கமராவோட வாறதே பெரிசு டீச்சர். நானும் கடை நடத்தத்தானே வேணும்."

"அது உன்ட உம்மாட கதைடா!"

"உம்மாக்கு இங்கிலீசு எங்க தெரியும்? நீங்க வாசிச்சுக் காட்டினீங்க, அவ சந்தோசப்பட்டா. அதோட சரிதானே."

"சரியா? அந்த மனுசி என்னைக் கண்ட இடமெல்லாம் கேட்டுதே, அந்தப் பிள்ளை ஏதும் சொன்னதா எண்டு! உன்னட்டக் கேக்கல்லையா?"

கேட்டிருக்கிறா. அவன் முகத்தில் தெரிந்தது. தாய் கேட்கக் கேட்க, அவனும் என்னைப் போலத்தான் பதில் சொல்லியிருக்கிறான்: பார்த்திருப்பாள் உம்மா. நான் தெரியாமல் சொன்னேன், அவன் தெரிந்துகொண்டு சொன்னான்.

பிறகு அவன் சொன்னதைத்தான் என்னால் இன்றைக்கும் தாங்க முடியவில்லை. "பாட்டு வாற இடத்தில எழுத்துப் போடப்படாதெண்டு நீங்கதானே டீச்சர் சொன்னீங்க. இதுவும் ஒரு பாட்டெண்டு வைங்களேன்." நக்கலாகச் சொல்லவில்லை. என்னைச் சமாதானப்படுத்துகிறானாம். மரியாதைக்கென்று நான் விட்ட இடத்தை எடுத்துத் தன் தாயைப் புதைத்துவிட்டு, அதற்குக் கணக்காய் என்னுடைய சட்டத்தையே எனக்குக் காட்டுகிறான். கன்னத்தில் ஒன்று போட்டிருக்கவேண்டும். வாய் நீண்டவளுக்கு அன்றைக்கு வாயும் வரவில்லை, கையும் வரவில்லை.

பிள்ளை விடவில்லை. ஆள் இல்லாவிட்டாலும் அந்த வீட்டையாவது பார்க்கவேண்டும் என்றாள். ஐயாவுக்கு அவ்வளவு தூரம் நடக்க ஏலாது. அவரிடம் ஒரு தமிழ் வசனம் கேட்டுப் பாடமாக்கிக்கொண்டு, கொண்டுவந்த இனிப்புப் பெட்டியையும் எடுத்துக்கொண்டு என்னோடு வந்தாள். எழுத்தை நிற்பாட்டியது யார் என்று அவளுக்கு நான் சொல்லியிருக்கவில்லை. அந்த வீட்டு வாசலில் அவள் கால் வைக்கும்போது அந்த அழுக்கும் சேர்ந்து வரவேண்டாம் என்று நினைத்தேன்.

அவனும் பெண்சாதியும் பிள்ளைகளும் வீட்டில் இருந்தார்கள். அவள் நேரே அவனுக்கு முன்னால் போய் நின்று, கை கூப்பி, பாடமாக்கியதைச் சொன்னாள்.

"உங்கட உம்மா எங்கட அம்மாவைக் காப்பாத்தினா. நாங்க மறக்கமாட்டம்."

அவன் பெண்சாதி அழுதுவிட்டாள். அவனுக்கும் கண் நிறைந்தது. பிள்ளையின் தலையில் கை வைத்தான். "உம்மா கடைசி மட்டும் உன்னைத்தான் கேட்டுக்கிட்டு இருந்தா புள்ள" என்றான். அது உண்மைதான். அந்த உண்மையைச் சொல்ல அவனுக்கு நாக்கு எப்படி வளைந்தது என்பதுதான் எனக்கு விளங்கவில்லை. நன்றியையும் வாங்கிக்கொண்டான், இனிப்பையும் வாங்கிக்கொண்டான். தேத்தண்ணி வந்தது. பிள்ளை குடித்தாள். நான் தொடவில்லை.

பிள்ளை சுவரெல்லாம் சுற்றிப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பி ஆங்கிலத்தில் ஏதோ கேட்டாள்.

"என்ன டீச்சர் கேக்கிறாள்?" என்றான்.

"உன்ட உம்மாட படம் ஒண்டு பார்க்கலாமா எண்டு கேக்கிறாள்."

உம்மா ஒருநாளும் படத்துக்கு நிற்கவில்லை. ஊரையெல்லாம் படம் பிடித்தவன் வீட்டில் அவவின் படம் ஒன்று இல்லை. அது எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். பிள்ளை கேட்காததையும் சேர்த்தேன்.

"உம்மாவ எங்க பார்க்கலாம், எங்க வாசிக்கலாம் எண்டு கேக்கிறாள் தம்பி. சொல்லு."

அவன் பெண்சாதி அவனைப் பார்த்தாள். பிள்ளை அவன் சொல்லப்போகிறதை நான் ஆங்கிலத்தில் சொல்வேன் என்று என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் பிள்ளை குடித்த தேத்தண்ணிக் கோப்பையை எடுத்துத் தட்டில் வைத்தான். அவனுக்காக ஒரு பதிலைப் போட்டு அந்த இடத்தை நிரப்ப எனக்கு மனம் வரவில்லை.